கையில் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பணியில் இருந்த உங்களுக்கு,

சென்னையிலிருந்து வந்து டொரோண்டோ விமானத்துக்கு மாற வேண்டியிருந்த 77 வயதுப் பெண்மணி ஒருவரை உங்களுக்கு நினைவிருக்கலாம். மாம்பழ நிறப் பருத்திப் புடவைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் என் தாயார். மயிலாடுதுறையை விட்டு அவர் தனியாகப் புறப்பட்ட முதல் வெளிநாட்டுப் பயணம் அது. உங்கள் நிறுவனத்துக்கு அன்றே ஆங்கிலத்தில் சில வரிகள் எழுதி அனுப்பினேன். ஆனால் அம்மா எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நாள்கணக்கில், கீரை ஆய்ந்துகொண்டும் காப்பி ஆற்றிக்கொண்டும் உங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்த வரிகளுக்குள் அடங்கவில்லை. அவர் சொன்ன மொழியிலேயே முழுவதையும் எழுதிவிட வேண்டும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் தவறிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அன்று காலை நீங்கள் சுமந்ததில் பெரும்பகுதி அந்தத் தவறின் சுமை. பயணச்சீட்டு எடுத்தபோது அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்தேன். எந்த வகை என்று கேட்ட இடத்தில் முதலில் இருந்ததையே தேர்ந்தெடுத்தேன். அதற்கு விமானத் துறையில் `WCHR` என்று பெயர். தொலைவு நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்க முடியும், விமானத்துக்குள் தன் இருக்கைக்குத் தானே போய்விட முடியும் என்பது அதன் பொருள். இருக்கை வரை நடக்க முடியும், ஆனால் படி ஏற முடியாது என்றால் `WCHS` என்று குறிக்க வேண்டும். நடக்கவே இயலாதவருக்கு `WCHC`. கடைசி எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. அம்மாவுக்கு வலது முழங்காலில் 2019-இல் மாற்று அறுவை நடந்தது. இடது முழங்கால் இன்னும் பழையதுதான். சமதரையில் மெதுவாக நடப்பார், படிக்கட்டைக் கண்டால் நின்றுவிடுவார். அவரைப் பற்றி இவ்வளவும் தெரிந்த மகளாகிய நான் எஸ் என்று போட வேண்டிய இடத்தில் ஆர் என்று போட்டுவிட்டேன்.

விமானம் முனையக் கட்டடத்தோடு இணைந்த பாலத்தில் வந்து நின்றிருந்தால் இந்த ஓர் எழுத்தால் எதுவும் நேர்ந்திருக்காது. அன்று அது தள்ளியிருந்த திறந்தவெளியில் நிறுத்தப்பட்டது. பயணிகள் படி வழியாக இறங்கி, பேருந்தில் ஏறி, கட்டடத்துக்குப் போனார்கள். சக்கர நாற்காலி கேட்டவர்கள் பொதுவாக விமானத்தில் முதலில் ஏற்றப்பட்டு, கடைசியில் இறக்கப்படுகிறார்கள். பெரிய விமானம் காலியாக அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அம்மா தன் முறை வந்து கதவருகே போய்ப் பார்த்தபோது, ஒரு மாடி உயரத்துக்கும் மேலிருந்து இரும்புப் படிகள் செங்குத்தாக இறங்கின. உங்கள் கையில் இருந்த பட்டியல், இவர் படி இறங்கக்கூடியவர் என்றே சொன்னது.

கதவருகே நின்ற உங்களில் ஒருவர், நீல நிற மேலங்கி அணிந்த பெரியவர், அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்தார். கைப்பிடிக் கம்பியை அம்மா எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார் என்பதைப் பார்த்தார். ஒரு படி இறங்கிப் பாருங்கள் என்றோ, நான் தாங்கிக்கொள்கிறேன் என்றோ அவர் சொல்லவில்லை. தாங்கிப் பிடித்தபடி ஒரு முதியவரைப் படியில் இறக்குவது இருவருக்குமே ஆபத்து என்பது இந்த வேலையில் பழகியவருக்குத் தெரியும். கையால் "வேண்டாம்" என்று காட்டிவிட்டு, அம்மாவைக் கதவுக்கு அருகிலிருந்த இருக்கையில் உட்காரவைத்தார். பிறகு வயர்லெஸ்ஸில் பேசி, தூக்கி வண்டி ஒன்றை வரவழைத்தார். முன்கூட்டிக் கேட்காத வண்டி என்பதால் அது வர 25 நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் அங்கேயே நின்றார்.

அந்த வண்டியைப் பற்றி அம்மா சொல்லும்போது இப்போதும் குரல் மாறுகிறது. லாரியின் மேல் ஒரு சின்ன அறையை வைத்தது போல இருக்கும். அறை அப்படியே மேலே எழும்பி, விமானத்தின் வலப்பக்கக் கதவோடு வந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினால், அறை கீழே இறங்கும். "வீடே இறங்குற மாதிரி இருந்துச்சுடி" என்றார். இறங்கத் தொடங்குவதற்கு முன்பு அந்தப் பெரியவர் தன் உள்ளங்கையைக் கிடையாகப் பிடித்து, மெதுவாகக் கீழே கொண்டுபோய்க் காட்டினாராம். என்ன நடக்கப்போகிறது என்று முன்னதாகக் காட்டிவிட்டதால் தனக்குப் பயமே வரவில்லை என்று அம்மா சொல்கிறார். ஐயா, அந்த ஒரு கையசைவுக்காக உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

அதற்குள் கணக்கு முடிந்துவிட்டிருந்தது. இரண்டு விமானங்களுக்கும் நடுவே 2 மணி 20 நிமிடம் இருந்தது. அந்த நிலையத்தில் 45 நிமிட இடைவெளிக்கே பயணச்சீட்டு கொடுக்கிறார்கள் என்பதால், நான் அதைத் தாராளமான நேரம் என்று நினைத்திருந்தேன். சென்னையில் கிளம்பும்போதே 55 நிமிடத் தாமதம். கடைசியாக இறங்கியதில் அரை மணி. வண்டிக்கு 25 நிமிடம். மிஞ்சியது அரை மணி நேரம். அதற்குள் மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை இருந்தது, ஏனென்றால் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை ஐரோப்பாவில் இன்னொரு முறை சோதித்த பிறகே அடுத்த விமானத்துக்கு அனுப்புகிறார்கள். இளைஞர் ஒருவர் ஓடியிருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம். நாற்காலியில் போகிறவர் ஓட முடியாது. 45 நிமிடம் என்பது நடப்பவரை வைத்துப் போட்ட கணக்கு என்பதும், நாற்காலி கேட்டவருக்கு அந்த இடைவெளியில் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின.

கனடாவில் அப்போது அதிகாலை 4 மணி. கைப்பேசி ஒலித்தது. இணைப்பு விமானங்களுக்கான கவுண்ட்டரில் இருந்த அம்மணி, நீங்கள்தான் அழைத்தீர்கள். கண்ணாடி அணிந்தவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர் என்பதைப் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். என் எண் உங்களுக்குக் கிடைத்தது, அம்மாவின் கழுத்தில் நான் மாட்டி அனுப்பச் சொல்லியிருந்த அட்டையிலிருந்து. அதில் ஆங்கிலத்தில் ஆறு வரிகள் எழுதியிருந்தேன்: பெயர், போக வேண்டிய ஊர், தமிழ் மட்டுமே பேசுவார் என்பது, சர்க்கரை நோய் உண்டு என்பது, இடது காது கேட்காது என்பது, என் எண். நீங்கள் அட்டையைப் படித்த பிறகு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து குனிந்தீர்களாம். அம்மா எனக்குச் சொன்ன முதல் செய்தியே அதுதான். விமானம் தவறியதைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார்.

நீங்கள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அம்மா நலமாக இருக்கிறார், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றீர்கள். விமானம் போய்விட்டது என்பதை இரண்டாவதாகச் சொன்னீர்கள். அதிகாலை 4 மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு மகளின் நெஞ்சு எங்கே போய் நிற்கும் என்பதை அறிந்தவராலேயே அந்த வரிசையில் பேச முடியும். பிறகு, விவரங்களை என்னிடம் சொல்வதற்கு முன்னால், அவரிடம் நீங்களே விளக்கிச் சொல்லுங்கள், அவருக்கு என்ன கேட்க வேண்டுமோ கேட்கட்டும் என்று கைப்பேசியை அம்மாவின் வலது காதில் வைத்துப் பிடித்தீர்கள். வயதானவர்களோடு வெளியே போகும்போது, மருத்துவமனையிலும் வங்கியிலும் எல்லாரும் அவர்களைத் தாண்டி நம்மைப் பார்த்தே பேசுவார்கள். நானும் பல முறை அதற்கு உடந்தையாக இருந்திருக்கிறேன். பயணம் செய்பவர் அம்மா என்பதை நீங்கள் ஒரு முறைகூட மறக்கவில்லை.

மாற்று விமானம் தேடியபோது நீங்கள் எடுத்த முடிவுக்காக நான் ஆயுள் முழுதும் கடன்பட்டிருக்கிறேன். இரண்டு பயணங்களும் ஒரே பயணச்சீட்டில் இருந்ததால் அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அதில் சிக்கல் இல்லை. கணினி முதலில் காட்டியது மாண்ட்ரியல் வழியாகப் போகும் பயணம். அதில் போனால் அம்மா இரண்டு மணி நேரம் முன்னதாக டொரோண்டோவுக்கு வந்துவிடுவார். நானாக இருந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள்: கனடாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவுச் சோதனையை முடிக்க வேண்டும். அங்கே விசா பற்றிய கேள்விகளுக்கு அம்மா தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு இன்னொரு விமானம், இன்னொரு நாற்காலி, இன்னொரு கைமாற்றம். பிற்பகலில் நேரடி விமானம் இருக்கிறது, அதில் போனால் இங்கே காத்திருப்பு நீளும், ஆனால் இறங்கும் இடத்தில் மகள் நிற்பாள். எது வேண்டும் என்று அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றீர்கள். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உக்காந்திருக்கறது எனக்குப் பழக்கம்தான். மாறி மாறிப் போறதுதான் முடியாது" என்றார்.

அதன் பிறகு, இருக்கையைப் பதிவு செய்வதற்கு முன்பே, மாத்திரைகள் கைப்பையில் இருக்கின்றனவா அல்லது பெட்டியில் போய்விட்டனவா என்று கேட்டீர்கள். பெட்டி அந்த நிலையத்தின் அடித்தளத்தில் எங்கோ இருந்தது. அதை மீட்க மணிக்கணக்கில் ஆகியிருக்கும். மாத்திரைகள் துணிப்பையில்தான் இருந்தன. என் குறிப்பில் இருந்த `WCHR` என்பதை `WCHS` என்று மாற்றினீர்கள். மாற்றியதை எனக்குப் படித்தும் காட்டினீர்கள். இது போகும் விமானத்துக்கு மட்டும், திரும்பும் பயணத்துக்கு நீங்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைவூட்டினீர்கள். என்னைக் குறை சொல்லும் தொனி உங்கள் குரலில் சிறிதும் இல்லை.

ஐரோப்பாவில் இந்த வேலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1107/2006 என்ற எண் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறைப்படி, நடக்க இயலாத பயணிகளுக்கு நிலையத்துக்குள் கட்டணமின்றி உதவுவது விமான நிலைய நிர்வாகத்தின் கடமை. பயணச்சீட்டும் இருக்கையும் விமான நிறுவனத்தின் பொறுப்பு. எனவே நாற்காலியைத் தள்ளுகிறவர் ஓர் அமைப்பைச் சேர்ந்தவர், கவுண்ட்டரில் இருப்பவர் இன்னோர் அமைப்பைச் சேர்ந்தவர். திட்டம் ஒழுங்காக நடக்கும் நாளில் இந்தப் பிரிவு பயணியின் கண்ணில் படாது. நேரம் தவறும் நாளில்தான் இடைவெளி திறக்கிறது: பழைய விமானத்துக்கென்று வந்த நாற்காலிக்காரரின் வேலை முடிந்துவிடுகிறது, புதிய விமானத்துக்கான நாற்காலிக்காரர் பல மணி நேரம் கழித்தே வருவார். நடுவில் இருப்பவர் ஓர் ஓரத்தில் நிறுத்திவைக்கப்பட்டுவிடலாம். புதிய போர்டிங் பாஸை அச்சிட்டுக் கொடுத்ததோடு உங்கள் வேலையும் முடிந்திருக்கலாம். நீங்கள் அம்மாவை உங்கள் கவுண்ட்டரின் பக்கத்திலேயே, நிமிர்ந்தால் உங்கள் முகம் தெரியும் இடத்தில், நிறுத்திக்கொண்டீர்கள்.

இனி நான் எழுதப்போவதை அம்மா என்னிடம் தனியாகத்தான் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார். சென்னையில் ஏறியதிலிருந்து பத்து மணி நேரம் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அதற்கு யாரையாவது எழுப்ப வேண்டும், மொழி தெரியாத இடத்தில் எப்படிக் கேட்பது என்ற அச்சம். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் நீண்ட பயணங்களில் இதைத்தான் செய்கிறார்கள், மயங்கி விழும் வரை வெளியே சொல்வதில்லை. நீங்கள் அவருடைய வறண்ட உதட்டைப் பார்த்தீர்களோ, அனுபவத்தில் தெரிந்துகொண்டீர்களோ, கேள்வியே கேட்காமல் கழிப்பறையின் படம் போட்ட பலகையைச் சுட்டிக்காட்டி, போகலாமா என்று தலையசைத்தீர்கள். பிடிமானக் கம்பிகள் உள்ள அகலமான கழிப்பறைக்கு அழைத்துப் போய், கதவு எப்படித் தாழிடுவது என்று காட்டி, வெளியே நின்றுகொண்டீர்கள். நாற்காலியின் சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் புடவைத் தலைப்பை மடியில் சேர்த்து வைத்தீர்கள். திரும்பி வந்ததும் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கையில் கொடுத்தீர்கள். அம்மா அரைப் புட்டியை ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். பிறகு எனக்கு மறுபடியும் அழைத்து, என்ன சாப்பிடுவார் என்று கேட்டு, முட்டையும் இறைச்சியும் இல்லாமல் ரொட்டி, வாழைப்பழம், இனிப்புச் சேர்க்காத தயிர் ஆகியவற்றை வாங்கி வந்தீர்கள். சாப்பிட்ட பிறகே சர்க்கரை மாத்திரையைப் போட வேண்டும் என்பதால் அந்தத் தயிர் அன்று வெறும் உபசாரமாக இருக்கவில்லை.

பாதுகாப்புச் சோதனையிலும் நீங்கள் கூட வந்தீர்கள். முழங்காலில் உலோகம் இருப்பதை அதிகாரிகளிடம் முன்பே சொல்லிவிட்டீர்கள். அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை, தாலியைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்பது. அப்பா இருக்கிறார்; ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அம்மா தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து மூன்றாவது முறையாக எனக்கு அழைத்தீர்கள், நான் சொன்னதைப் பெண் அதிகாரியிடம் சொன்னீர்கள். அவர் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போய், கையுறை அணிந்த கையால் தடவிப் பார்த்து, கொடியைக் கழுத்திலேயே விட்டுவிட்டார். நாற்காலியின் கைப்பிடிகளையும் அம்மாவின் உள்ளங்கைகளையும் ஒரு பட்டைத் தாளால் துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்களாம். அது வெடிமருந்துத் துகள்களுக்கான சோதனை என்று நான் பிறகு சொன்னேன். அதுவரை அம்மா, கை அழுக்காக இருப்பதால் துடைத்துவிடுகிறார்கள் என்றே நினைத்திருந்தார்.

நண்பகல் கழிந்து உங்கள் பணிநேரம் முடிந்தது. மாற்று ஆளாக ஓர் இளைஞர் வந்தார். தம்பி, உங்களுக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு. பொதுவாக இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு ஊழியர்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள், ஒருவர் போவார், இன்னொருவர் உட்காருவார், நாற்காலியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அம்மணி, நீங்கள் அவரை அம்மாவின் முன்னால் அழைத்து வந்து, அவருடைய பெயர் அட்டையைக் காட்டி, உங்களைச் சுட்டி வாசலைக் காட்டி, அவரைச் சுட்டி விமானத்தைக் காட்டினீர்கள். ஒரு தாளில் எதையோ எழுதி, அவரிடம் காட்டிவிட்டு, அம்மாவின் கடவுச்சீட்டுக்குள் வைத்தீர்கள். பிறகு அம்மாவின் வலது கையை எடுத்து அந்த இளைஞரின் கையில் வைத்தீர்கள். "கல்யாணத்துல பொண்ணக் கையில புடிச்சுக் குடுப்பாங்கள்ல, அது மாதிரி புடிச்சுக் குடுத்துட்டுப் போனா" என்றார் அம்மா. அந்தத் தம்பி வலது பக்கமே நின்று பேசினார். கேட்டில் அறிவிப்பு வருவதற்கு முன்பே அம்மாவை ஏற்றி, இருக்கைப் பட்டையைப் போட்டுவிட்டு, விமானப் பணிப்பெண்ணிடம் அட்டையைக் காட்டிய பிறகுதான் இறங்கினார்.

டொரோண்டோவில் நான் அம்மாவைப் பார்த்தபோது இரவு உணவு நேரம் நெருங்கிவிட்டது. அழுதபடி வருவார் என்று எதிர்பார்த்து நின்றவளிடம் அவர் முதலில் கேட்டது, அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று உனக்குத் தெரியுமா என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. நான் உங்களிடம் கேட்டிருக்கலாம்.

கடவுச்சீட்டில் இருந்த தாளை அன்றிரவு பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரிகள்: படி கூடாது. வலது காது. 11.40-க்குச் சாப்பிட்டார், மாத்திரை போட்டார். தண்ணீர் கேட்க மாட்டார், நீங்களே கொடுங்கள்.

அம்மா நவம்பரில் திரும்பிப் போகிறார், அதே நிலையத்தின் வழியாக. இந்த முறை இடைவெளி 4 மணி நேரம், குறிப்பில் `WCHS`. கழுத்து அட்டையைப் புதிதாக எழுதியபோது உங்கள் நான்கு வரிகளையும் அதில் சேர்த்துவிட்டு, பழைய தாளை எடுத்துப் பத்திரமாக வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அம்மா கடவுச்சீட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினார். "அது உள்ளயே இருக்கட்டும்டி. அவங்க கண்ணுல பட்டா, தன் கையெழுத்து தெரியாமலா போயிடும்?"